இரண்டு டீம் ஒன்றான முதல் நாள் என்ன பேசுவது?

"கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் டீம் லீடர் நான். டப்பா லைன் ஆட்களையும் அசெப்டிக் லைன் ஆட்களையும் ஒரே டீமாக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை வரவேற்றுப் பேச வேண்டும். என்னென்ன விதி சொல்வது?"

வணக்கம் சார். ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் பேசினால் போதும். வரவேற்பை இரண்டு வரியில் முடித்துவிட்டு, லைனை யார் நிறுத்தலாம் என்பதற்கு வந்துவிடுங்கள்.

டப்பா லைனில் மூடி சீமிங் கோணலானால் ஆபரேட்டரே நிறுத்திவிடுவார். கிருமி புகாமல் கூழை நிரப்பும் அசெப்டிக்கில் நிறுத்தினால் மறுபடி ஸ்டெரிலைஸ் செய்தாக வேண்டியிருக்கும், நேரம் போகும். அதனால் மேலே கேட்டுவிட்டுத்தான் கைவைப்பார்கள். இரண்டு பழக்கத்துக்கும் காரணம் உண்டு, அதைக் கூட்டத்திலேயே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் முதல் கோளாறிலேயே ஒருவர் அவசரப்படுவார், மற்றவர் காத்திருப்பார். அப்புறம் பழி பழைய டீம் பெயரில் விழும்.

இப்படிப் பேசலாம்: "ஹோல்டிங் குழாயில் வெப்பம் குறித்த அளவுக்குக் கீழே போனால், யாரும் என்னைக் கேட்காமல் நிரப்புவதை நிறுத்தலாம். நிறுத்தியவரை நான் திட்ட மாட்டேன். கூழின் இனிப்பு அளவான பிரிக்ஸ் கொஞ்சம் இறங்கினால் லைனை நிறுத்த வேண்டாம். லேப்புக்கும் எனக்கும் உடனே சொல்லுங்கள், கலவைத் தொட்டியில் சரிசெய்வோம்."

ஷிப்ட் நோட்டு இனி ஒன்றுதான். நிறுத்தியவர் நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஓவர்டைம், சீனியாரிட்டி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அங்கேயே வாக்குக் கொடுக்காதீர்கள். எச்.ஆரிடம் கேட்டு எந்தத் தேதிக்குள் பதில் சொல்வீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள். நிறுத்திய இடங்களில் டப்பா லைன் ஆட்களின் கையெழுத்தே இருந்தால், மற்றவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு அதே விதியை மறுபடி சொல்லுங்கள்.