ஸ்கிரிப்ட் பார்க்கச் சொல்லி ஃபாதருக்குக் கடிதம்

"எங்கள் கத்தோலிக்கச் சேனல் ஸ்கிரிப்டுகளை மாதாமாதம் சரிபார்த்துத் தரச்சொல்லி பங்குத்தந்தைக்கு எப்படி எழுதுவது?"

வேலையின் அளவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: மாதம் நான்கு ஸ்கிரிப்ட், பதிவுக்குப் பத்து நாள் முன்பே தருவோம், நடையும் எழுத்துப்பிழையும் எங்கள் பொறுப்பு, கோட்பாடு மட்டும் பார்த்தால் போதும் ஃபாதர் என்று. அளவு தெரியாவிட்டால் தயங்குவார்.

அப்புறம், சந்தேகமான வரிகளை நீங்களே அடிக்கோடிட்டு, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். 'மாதாவை ஆராதிக்கிறோம்' என்று ஒரு வரி இருந்தால், பக்கத்தில் 971. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, மாதாவுக்குச் செலுத்துவது வணக்கம். படிக்கும்போது காதில் உறுத்தாத பிழை இது, அதனால்தான் தப்பிவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அவர் பார்த்தார் என்பதற்காக 'திருச்சபை அனுமதி பெற்றது' என்று திரையில் போடக்கூடாது. அந்த அதிகாரம் ஆயருடையது. இதையும் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அவர் நிம்மதியாக ஒப்புக்கொள்வார்.