வாடகை ஒப்பந்தத்தைத் தமிழில் சுருக்கும்போது எண்கள் பிசகாமல் இருக்க

"அண்ணா, வீட்டு ஒப்பந்தம் 14 பக்கம். என்னோடு தங்கப்போகிறவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுமுன் தமிழில் சுருக்கிக் கேட்கிறார். தேதி, டெபாசிட், வாடகை எதிலும் தப்பு வரக்கூடாது. எப்படி எழுதுவது?"

தம்பி, முதலில் சுருக்கத் தொடங்காதீங்க. ஒப்பந்தம் முழுவதையும் ஒரு பேனாவோடு படித்து, தேதி, தொகை, நாள் கணக்கு வரும் இடங்களை மட்டும் வட்டமிடுங்க. அவற்றை ஒரு தாளில் அப்படியே பார்த்து எழுதி, பக்கத்திலேயே பிரிவு எண்ணையும் குறியுங்க. தமிழ் வாக்கியம் அதற்குப் பிறகுதான். வாக்கியத்தைச் சுருக்கலாம், எண்ணைச் சுருக்கக்கூடாது. 1,487.50 என்றிருந்தால் "சுமார் 1,500" ஆகிவிடக்கூடாது.

தேதியை எப்போதும் மாதப் பெயரோடு எழுதுங்க. 04/05/2026 என்பது ஒரு நாட்டில் மே 4, இன்னொரு நாட்டில் ஏப்ரல் 5. எது என்று ஒப்பந்தத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கலாம். தொடக்கம் 04/05/2026, முடிவு 03/05/2027, காலம் 12 மாதம் என்று இருக்கிறது என வைப்போம். மே 4 முதல் மே 3 வரை சரியாக 12 மாதம். ஏப்ரல் 5 முதல் மார்ச் 5 வரை என்று படித்தால் 11 மாதம்தான் வரும். ஆக முதல் வாசிப்புதான் சரி. இப்படி ஒத்துப் பார்க்க வழியில்லை என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்க.

வாடகையில் பெரும்பாலும் சறுக்குவது வாரக் கணக்கில். வாரத்துக்கு 300 என்றதும் நாலால் பெருக்கி "மாதம் 1,200" என்று எழுதிவிடுவார்கள். மாதாமாதம் கட்டும் ஒப்பந்தங்களில் வழக்கமாக 300-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுப்பார்கள், வருவது 1,300. ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணையே முதலில் எழுதி, நீங்க கணக்கிட்டதை "இது என் கணக்கு" என்று தனியே குறியுங்க. கரன்சியையும் விடாதீங்க.

டெபாசிட்டை "அட்வான்ஸ்" என்று எழுதினால் அவர் அதை முன்கூட்டிக் கட்டும் வாடகை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. மூன்று தொகைகளைத் தனித்தனி வரியில் வையுங்க: வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுத்த தொகை 300 (முதல் வாடகையில் கழியும்), முதல் மாத வாடகை 1,300, திரும்பக் கிடைக்கவேண்டிய டெபாசிட் 1,500. அப்போது சாவி வாங்கும் நாளில் கையில் இருக்கவேண்டியது 1,300-இல் 300 போக 1,000, கூட 1,500, ஆக 2,500. டெபாசிட்டை எதற்கெல்லாம் பிடிக்கலாம், எத்தனை நாளில் திருப்பவேண்டும் என்பதும் அதே வரியில் வரவேண்டும்.

காலி செய்யும் நோட்டீஸ்தான் சுருக்கத்தில் அதிகம் நசுங்கும் பகுதி. "இரண்டு மாத நோட்டீஸ்" என்று மட்டும் எழுதினால் போதாது. "ஆறு மாதம் முடிந்த பிறகே கொடுக்கலாம், குறைந்தது இரண்டு மாதம், வாடகைக் காலத்தின் கடைசி நாளில் முடியவேண்டும்" என்று பிரிவு சொன்னால் அதில் மூன்று நிபந்தனை இருக்கிறது. மேலே சொன்ன ஒப்பந்தத்தில் வாடகைக் காலம் 4-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 3-ஆம் தேதி முடியும். டிசம்பர் 10, 2026 அன்று நோட்டீஸ் கொடுத்தால் இரண்டு மாதம் பிப்ரவரி 10-இல் நிறைகிறது. ஆனால் அதற்குப் பிறகு வரும் கடைசி நாள் மார்ச் 3, 2027. அதுவரை வாடகை உண்டு. டிசம்பர் 2-க்குள் கொடுத்திருந்தால் பிப்ரவரி 3-ஓடு முடிந்திருக்கும், ஒரு மாத வாடகை மிச்சம். சுருக்கத்தில் இப்படி ஒரு உதாரணத்தையே எழுதிக் கொடுங்க, விதியை விட அதுதான் மனதில் நிற்கும். தபாலில் அனுப்பினால் எந்த நாளில் கிடைத்ததாகக் கொள்வார்கள் என்ற பிரிவு இருந்தால் அதையும் சேருங்க.

"குறைந்தது", "அதிகபட்சம்", "செய்யலாம்", "செய்யவேண்டும்" என்ற சொற்கள் மாறினால் எண் சரியாக இருந்தும் பொருள் கெட்டுவிடும். "வாடகையை உயர்த்தலாம்" என்பதும் "உயர்த்தப்படும்" என்பதும் ஒன்றல்ல.

முதல் பக்கத்தில் 1,300, உள்ளே ஒரு பிரிவில் 1,350 என்று முரண்பட்டால் நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீங்க. இரண்டையும் பக்க எண்ணோடு எழுதி, கையெழுத்துக்கு முன் திருத்தி வாங்கச் சொல்லுங்க. கோடு போட்டு நிரப்பாமல் விட்ட இடத்தையும் "காலி" என்றே எழுதுங்க. தாளின் தலையில் "கையெழுத்தாவது மூல ஒப்பந்தத்தில்தான், இது படித்துப் புரிந்துகொள்ள மட்டும்" என்று ஒரு வரி இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் நீங்க தமிழ்த் தாளிலிருந்து எண்களை மட்டும் சத்தமாக வாசியுங்க, அவர் மூலத்தில் விரல் வைத்துத் தேடட்டும். ஆங்கிலம் வராதவரும் எண்ணைப் படிப்பார்.