பாட்டியின் கோலமும் 20 லிட்டர் வாளியும்

கேள்வி: ஒரு பாட்டி கோலம் போடுவதைப் பற்றிய கதை ஒன்று ஃபேஸ்புக்கில் படித்தேன். கண் கலங்கிவிட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டேன். கடைசியில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பொங்கல் ஆஃபர் இருப்பதை அப்புறம் என் மருமகள்தான் காட்டினாள். ஆனாலும் கதை நன்றாகத்தானே இருந்தது? விளம்பரம் என்பதற்காக அது கதையே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? (பதிவை இணைத்திருக்கிறேன்.)
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: விளம்பரம் என்பதற்காகச் சொல்ல மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு எழுதிய நல்ல கதைகள் உண்டு, காசே வாங்காமல் எழுதிய மோசமான கதைகள் எங்கள் அலுவலகத்துக்கு வாரம் ஒரு கட்டு வருகின்றன. நீங்கள் அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு இடறியது கடைசியில் வரும் ஆஃபர் இல்லை, மூன்றாவது பத்தியில் வரும் கோலம்.

“15 புள்ளி, 8 வரிசை. சிக்குக் கோலத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக இணைத்தாள் பாட்டி.” இந்த இரண்டு வாக்கியத்தில் இரண்டு தப்பு. 15-8 என்றால் எட்டு வரிசை இல்லை. நடு வரிசையில் 15 வைத்து, அடுத்தடுத்த வரிசைகளைச் சந்துப்புள்ளியாக ஒவ்வொன்று குறைத்துக்கொண்டே போய், மேலேயும் கீழேயும் 8இல் நிறுத்துவது. மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. யாரோ ஒரு கோலப் புத்தகத்தில் “15-8” என்று பார்த்துவிட்டு, எட்டு வரிசை போலிருக்கிறது என்று நினைத்து எழுதியிருக்கிறார். சரி, அதையாவது விடலாம், எண்ணில் எல்லோருக்கும் சறுக்கும். இரண்டாவது தப்பை விட முடியாது. சிக்குக் கோலத்தில் யாரும் புள்ளியை இணைப்பதில்லை. தாமரை, கிளி, தேர் என்று வரைகிற கோலத்தில்தான் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுப்பார்கள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைத் தொடாமல் சுற்றி வளைந்து போகும், ஒவ்வொரு புள்ளியும் தன் வளைவுக்குள் தனியாக நிற்கும், கடைசியில் கோடு கிளம்பிய இடத்துக்கே வந்து முடியும். கோடு புள்ளியில் இடித்துவிட்டால் அது பிசகு, உடனே புறங்கையால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். அறுபது வருஷம் சிக்குக் கோலம் போட்டதாகச் சொல்லப்படும் ஒரு பாட்டி புள்ளிகளை இணைக்கிறாள் என்றால், எழுதியவர் அந்தப் பாட்டியின் பக்கத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

ஏன் இணைக்க வைத்தார் என்பதற்குப் பதில் கடைசி வரியில் இருக்கிறது: “புள்ளிகளை இணைத்த பாட்டி... உறவுகளை இணைக்கும் வண்ணங்கள்.” இந்த வாசகம்தான் முதலில் கூட்டத்தில் ஓகே ஆகியிருக்கும். அப்புறம் அதற்கு ஒரு பாட்டி தேவைப்பட்டிருக்கிறாள், பாட்டிக்கு ஒரு கோலம், அந்தக் கோலத்தில் எதையாவது இணைத்தாக வேண்டும். கதையைக் கீழிருந்து மேலே கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பாட்டிக்கு ஒரு பேர்கூட இல்லை, பாருங்கள். மாவு நைசாக அரைத்துவிட்டார்கள், விரலில் நிற்காமல் ஓடுகிறது என்று யாரையும் திட்டுவதில்லை, எதிர்வீட்டுக் கோலத்தை ஓரக்கண்ணால் அளப்பதில்லை, நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வதில்லை. பனியில் குனிந்து 169 புள்ளி வைத்த மனுஷி புன்னகைக்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்தது, பேரன் சொல்வதாக வரும் அந்த வசனம். “உன் கோலம் ஒரே நாளில் அழிந்துவிடுகிறதே பாட்டி, நான் உனக்கு அழியாத வண்ணம் தருகிறேன்.” நீங்கள் கண் கலங்கியது அநேகமாக இங்கேதான் இருக்கும். எனக்குக் கோபம் வந்ததும் இங்கேதான். வாசலில் அரிசி மாவில் போடுவதே மிதிபடுவதற்கும், எறும்பு தின்பதற்கும், மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி மறுபடி போடுவதற்கும்தானே. அழிவதை ஒரு குறையாக்கினால்தான் பெயின்ட் அதற்கு மருந்தாக முடியும். சிமென்ட் படியில் எனாமலில் நிரந்தரமாகக் கோலம் வரைந்துவிட்ட வீடுகளில் உண்மையான பாட்டிகள் என்ன சொன்னார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். “இனிமே காலங்காத்தால வாசலுக்கு வர எனக்கு என்ன வேலை?” என்று ஒரு பாட்டி கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அதில் ஒரு கதை இருக்கிறது, ஆனால் எந்தப் பெயின்ட் கம்பெனியும் அதற்குச் சம்பளம் கொடுக்காது.

போகட்டும், கோலம்தான் தெரியவில்லை, பெயின்ட்டாவது தெரியுமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. பாட்டி வருஷா வருஷம் போகிக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்கிற பழைய சுவருக்குப் பேரன் போகிக்கு முந்தின ராத்திரி வந்து, பாட்டி எழுந்திருப்பதற்குள் மஞ்சள் எமல்ஷன் அடித்து முடித்துவிடுகிறான். சுண்ணாம்புச் சுவரை உள்ளங்கையால் தேய்த்தால் கையில் வெள்ளை ஒட்டும். அந்தத் தூளின் மேல் எமல்ஷன் அடித்தால் அது சுவரைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும், கொஞ்ச நாளில் ஏடு ஏடாக உரிந்து வரும். முதலில் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி தட்டி, பிரைமர் அடித்துக் காயவிட்டு, அப்புறம் இரண்டு கோட், நடுவில் சில மணி நேரம் காய விட வேண்டும். மார்கழிப் பனியில் ஒரே ராத்திரியில் தனியாள் செய்கிற காரியமா இது? வேடிக்கை என்னவென்றால் கதையில் காணாமல் போன பிரைமர் ஆஃபரில் வந்துவிடுகிறது: 20 லிட்டர் வாளி வாங்கினால் 1 லிட்டர் பிரைமர் இலவசம். அது ஒரு சுவருக்கே இழுத்துப்பிடித்துத்தான் வரும்.

நீங்கள் ஏமாந்ததற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பதிவு கம்பெனியின் பக்கத்தில் வரவில்லை, கதை எழுதுகிறவர் என்று நீங்கள் நம்பித் தொடர்கிற ஒருவரின் பக்கத்தில் வந்திருக்கிறது. இது விளம்பரம் என்பதற்கான ஒரே அடையாளம், எல்லாம் முடிந்தபின் பதினோரு ஹேஷ்டேகுகளுக்கு நடுவில், ஆங்கிலத்தில். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021இலேயே சொல்லிவிட்டது, காசுக்குப் போடும் பதிவில் அடையாளம் முன்னாலேயே கண்ணில் படவேண்டும், ‘மேலும் படிக்க’ என்பதை அமுக்கிப் பார்க்கிற இடத்தில் ஒளிக்கக் கூடாது என்று. பதிவு எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே அறிவிப்பு இருக்கவேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் சொன்னது. ‘விளம்பரம்’ என்ற ஒரு தமிழ் வார்த்தையை முதல் வரியில் போட எவ்வளவு இடம் பிடிக்கும்? (எங்கள் தீபாவளி மலரிலும் அந்த வார்த்தை பக்கத்தின் மூலையில் எறும்பு அளவில்தான் இருந்தது என்று யாராவது கடிதம் எழுதப் போகிறீர்கள். உண்மைதான். அடுத்த மலரில் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.)

வாட்ஸ்அப் குழுவில் போட்டதை அழிக்க வேண்டாம். கீழே ‘இது பெயின்ட் விளம்பரம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போதும். அப்புறம் உங்கள் தெருவில் 15-8 போடத் தெரிந்த யாராவது இருந்தால் அந்த மூன்றாவது பத்தியை மட்டும் வாசித்துக் காட்டி, அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே, வசவு உட்பட, எழுதி அனுப்புங்கள். போடுகிறேன். பெயின்ட் கம்பெனி அளவுக்குச் சன்மானம் தர எங்களால் ஆகாது.