பித்தளை விளக்கைச் சுற்றவிட்டு வீடியோ: பல்பை மாற்ற வேண்டாம், ஷட்டரை மாற்றுங்கள்

*பூஜைப் பொருள்கள் விற்கும் சின்ன ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சொம்பு, தட்டு என்று 40 பொருள்கள். சுழல்தட்டு ஒன்று வாங்கி, இரண்டு எல்இடி பல்பு வைத்து போனிலேயே வீடியோ எடுத்துப் பார்த்தேன். கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடுகிறது, பாதிச் சுற்றில் பித்தளை நிறம் மாறிவிடுகிறது, விளக்கில் என் முகமே தெரிகிறது. ஒருவர் '3டி வீடியோ' எடுத்துத் தர ஒரு பொருளுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். லைட் செட் வாங்குவதா, அவரிடமே கொடுத்துவிடுவதா?*
*– கும்பகோணம் வாசகி*

இரண்டும் வேண்டாம். 40 பொருளுக்கு 60,000 ரூபாய் போகும். உங்களிடம் இருக்கும் அதே இரண்டு பல்பு போதும். அவை ஒரே கம்பெனி, ஒரே வாட், ஒரே நிறமாக மட்டும் இருக்கட்டும்.

முதலில் அந்தக் கறுப்புப் பட்டை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சாதாரண எல்இடி பல்பு ஒரு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போனைத் தானியங்கி முறையில் விட்டால் அது 1/60, 1/240 என்று தன் இஷ்டத்துக்கு ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குவது என்பதை, வைத்துக்கொள்ளும். அந்த நேரம் பல்பின் சிமிட்டலோடு ஒத்துப்போகாதபோது படத்தின் ஒரு பகுதிக்கு வெளிச்சம் கூடுதலாகவும் இன்னொரு பகுதிக்குக் குறைவாகவும் விழுகிறது. அதுதான் ஓடும் பட்டை. ஷட்டரை 1/100 என்று நிறுத்திவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முழுச் சிமிட்டல் கிடைத்துவிடும். பட்டை காணாமல் போகும். இதற்காக 4,000, 5,000 என்று லைட் செட் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். பல்பு அட்டையில் வாட் போடுகிறார்கள், லூமன் போடுகிறார்கள், எத்தனை வருடம் உழைக்கும் என்று போடுகிறார்கள். சிமிட்டல் எவ்வளவு என்று பெரும்பாலும் ஒரு வரி போடுவதில்லை. நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. போனின் ஸ்லோ மோஷனில் பல்பை ஐந்து நொடி எடுங்கள். வீடியோவில் பல்பு துடித்தால் அது சிமிட்டும் பல்பு.

ஷட்டரை நிறுத்த, போன் கேமராவில் Pro Video என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே S அல்லது SPEED என்று இருப்பதை 1/100 ஆக்குங்கள். வெள்ளைச் சமநிலையைக் குறிக்கும் WB என்பதைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு, விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைச் சார்ட்டை வைத்து, அது வெள்ளையாகத் தெரியும்வரை WB அளவை நகர்த்தி நிறுத்துங்கள். பாதிச் சுற்றில் நிறம் மாறியதற்குக் காரணம் தானியங்கி WBதான். படத்தில் மஞ்சள் கூடும்போது போன் 'திருத்துகிறேன்' என்று நீலத்தைச் சேர்க்கிறது. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ISO 100க்கும் 400க்கும் நடுவில் இருக்கட்டும். உங்கள் போனில் Pro Video இல்லையென்றால் Blackmagic Camera என்ற இலவச ஆப் ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த மூன்றையும் பூட்டித் தரும். எடுக்கும்போது ஜன்னலையும் ட்யூப்லைட்டையும் அடைத்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் முகம். பித்தளைக்கு என்று தனி வெளிச்சம் கிடையாது. எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். சுவர், ஜன்னல், உங்கள் புடவை நிறம் எல்லாம் அதில் வந்துவிடும். ஆகவே அதற்கு எதிரில் வெள்ளையை மட்டும் வையுங்கள். வீட்டில் ஒரு பழைய வெள்ளை வேட்டி இருக்கும். கரை இல்லாத பகுதியாக எடுத்து, விளக்கின் இரண்டு பக்கமும் முன்புறமும் கொடிக்கயிற்றில் தொங்கவிடுங்கள். பல்புகள் துணிக்கு வெளியே, இடதும் வலதுமாக, துணியிலிருந்து ஒரு அடி தள்ளி. பல்பு துணியைத் தொடக்கூடாது. முன்புறத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓர் இடைவெளி விட்டு, அதன் வழியாகப் போன் எட்டிப் பார்க்கட்டும்.

இப்படிச் செய்ததும் பலர் ஏமாந்துபோவார்கள். முகம் போய்விடும், ஆனால் பித்தளை வெளிறி பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் வெள்ளை மட்டுமே இருந்தால் விளிம்பு தெரியாது. கறுப்புச் சார்ட்டை இரண்டு அங்குல அகலத்தில் வெட்டி, துணிக்கு உள்பக்கமாக, விளக்கின் இரு பக்கமும் படத்தில் விழாத இடத்தில் நிற்க வையுங்கள். உடனே தண்டின் இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு விழும். கடைசல் வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். பித்தளைக்குக் கனம் வருவது அந்தக் கோட்டால்தான்.

ரிங் லைட் பற்றி ஒரு வார்த்தை. யாராவது பரிந்துரைத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். அது முகத்துக்கான லைட். பித்தளைச் சொம்பின் வயிற்றில் அது வெள்ளை வளையமாக உட்கார்ந்துகொள்ளும், எடிட்டிங்கில் லேசில் போகாது.

இனி, உங்கள் விளக்கையே எடுத்துக்கொள்வோம். ஐந்து முகம், மேலே அன்னம், எடை இரண்டு கிலோ என்று வைப்போம். சுழல்தட்டு அந்த எடையைத் தாங்குமா என்று அதன் அட்டையில் பாருங்கள். பேட்டரியில் ஓடுவதென்றால் பேட்டரி இறங்க இறங்கச் சுற்று மெதுவாகும். சார்ஜர் வயரில் ஓட்டுங்கள். விளக்கை வைத்தபடியே ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 12 நொடி நல்ல வேகம். போன் நொடிக்கு 30 படம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 360 படம், பாகைக்கு ஒன்று. 1/100 ஷட்டரில் அகலின் விளிம்பு அரை மில்லிமீட்டர்கூட நகராது, ஆகவே மசங்கலும் இருக்காது. எட்டு நொடிக்குள் சுற்றிவிடும் தட்டு என்றால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

நாச்சியார்கோவில் விளக்கு ஒரே வார்ப்பு அல்ல. பீடம், தண்டு, அகல், மேல்பாகம் என்று தனித்தனியாகச் செய்து மரையில் திருகுவது. மரை சற்றுத் தளர்ந்திருந்தாலும் பீடம் நடுவில் இருக்க, மேலே அன்னம் மட்டும் ஆடும். எனவே முதலில் எல்லாவற்றையும் இறுகத் திருகுங்கள். பிறகு ஒரு பென்சிலைக் களிமண் உருண்டையில் செருகி, தட்டுக்கு வெளியே, முனை பீடத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வையுங்கள். தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஓரிடத்தில் கூடினால், கூடிய பக்கத்தை நோக்கி விளக்கை நூலளவு தள்ளுங்கள். நாலைந்து முறையில் சரியாகிவிடும். அதே சோதனையை அன்னத்தின் அடியிலும் செய்யுங்கள்.

புளி போட்டுத் தேய்த்த விளக்கை ஈரம் போகத் துடைத்து, அதன்பிறகு துணியால் மட்டுமே தொடுங்கள். ஒரு விரல்ரேகை 12 நொடியும் சுற்றிச் சுற்றி வந்து காட்டிக்கொடுக்கும். போனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஐந்தடி தள்ளி வைத்து 2x ஜூம் போடுங்கள்.

தட்டின் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி. சுழலத் தொடங்கி ஒரு சுற்று போகட்டும், வேகம் நிலைக்கட்டும். பின் இரண்டரைச் சுற்று பதிவு செய்து, புள்ளி முன்னால் வரும் இடத்திலிருந்து மறுபடி அதே இடத்துக்கு வரும்வரை வெட்டுங்கள். கடைசிப் படம் முதல் படத்தைப் போலவே இருந்தால் அந்த ஒன்றை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வீடியோ திரும்ப ஓடும்போது ஒரு சின்னத் தயக்கம் தெரியும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் 40 பொருளில் பாதிக்கு அது பொருந்தும். சொம்பு, குடம், தட்டு, கிண்ணம்: கடைசலில் பிடித்த உருண்டைப் பொருள் எதையும் சுழற்றி எடுக்காதீர்கள். பல்பும் கேமராவும் அசையாமல் இருக்கின்றன. ஆகவே சொம்பின்மேல் விழும் பளபளப்பும் அசையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் உருவம் ஒன்றே. அதனால் 12 நொடி ஓடும் வீடியோவில் சொம்பு சுற்றுவதே தெரியாது. பார்ப்பவர் வீடியோ உறைந்துவிட்டது என்று நினைத்து நகர்ந்துவிடுவார். உங்கள் குத்துவிளக்கு தப்பிப்பது அன்னத்தால். அன்னம் இல்லாத ஐந்துமுக விளக்கு 72 பாகைக்கு ஒருமுறை தன்னைப் போலவே ஆகிவிடும். சோதனை எளிது: பொருளைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கு போட்டோ எடுங்கள். வீட்டில் வேறொருவரிடம் காட்டுங்கள். எது முன், எது பின் என்று அவரால் சொல்ல முடியவில்லையென்றால் அந்தப் பொருளுக்கு வீடியோ வேண்டாம். சொம்பில் பெயர் வெட்டியிருந்தால், தட்டில் பூவேலை ஒரு பக்கம் இருந்தால், அப்போது சுழற்றலாம். மற்றவற்றுக்கு ஒரு நேர் போட்டோ, வாய்ப்பக்கம் தெரியும் ஒரு போட்டோ, கையில் பிடித்த ஒரு போட்டோ போதும். அந்த 1,500 ரூபாய்க்காரர் இதை உங்களிடம் சொன்னாரா? அவருக்கு 40 பொருளும் 40 பில்.

அவர் '3டி' என்று சொல்வதையும் கேளுங்கள். சுழலும் வீடியோ என்பது வீடியோதான், MP4 கோப்பு. வாடிக்கையாளர் விரலால் திருப்பிப் பார்க்கும் உண்மையான முப்பரிமாண மாதிரி வேறு. அது பெரும்பாலும் GLB என்று முடியும் கோப்பு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதன் பெயரில் காசு வாங்குவது இப்போது பெருகிவிட்டது. இதைவிட மோசம், கோப்பைத் தராமல் 'லிங்க்' மட்டும் தருவது. நான் உதவிய ஒரு கடையில் அப்படித்தான் நடந்தது. ஒரு வருடம் கழித்து 'புதுப்பிப்புக் கட்டணம்' கேட்டார்கள். கட்டவில்லை. மறுநாள் காலை, பொருள் பக்கம் அத்தனையிலும் வீடியோ இருந்த இடத்தில் சாம்பல் பெட்டி. எடுத்த மூலக் கோப்பு எங்கே என்றால் பதில் இல்லை. யாரிடம் கொடுத்தாலும் முழு MP4 உங்கள் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள். 'நாங்கள் ஏற்றினால்தான் தளம் ஏற்றுக்கொள்ளும்' என்பவரை அன்றோடு விட்டுவிடுங்கள்.

தளங்களும் சும்மா இல்லை. ஒரு விற்பனைத் தளம் என் வீடியோவை மூன்று முறை திருப்பியனுப்பியது. மூன்று முறையும் 'வழிகாட்டுதலுக்கு உட்படவில்லை' என்ற ஒரே வரி. எந்த வழிகாட்டுதல் என்று கேட்டதற்கும் அதே வரிதான் வந்தது. கடைசியில் மூலையில் இருந்த கடையின் சின்னத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டது. இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். காரணம் சொல்லாத அந்த மௌனத்தைத்தான் இடைத்தரகர் காசாக்குகிறார். வெற்றுப் பின்னணி, எழுத்தோ சின்னமோ இசையோ இல்லாத பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். திரும்பி வந்தால் அதை அனுப்பலாம்.

இந்த வாரம் அன்னம் வைத்த விளக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். பட்டை இன்னும் ஓடினால், அறையில் வேறொரு லைட் எரிகிறது அல்லது ஷட்டர் பழையபடி தானியங்கிக்குப் போயிருக்கிறது. பல்பைச் சந்தேகிக்கும் முன் அந்த இரண்டையும் பாருங்கள்.