இரண்டு கேன்டீன், ஓர் அணி: ஐகன் வெக்டர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு டேட்டா சயன்ஸ் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். லீனியர் அல்ஜீப்ரா பாடமே எடுத்ததில்லை. அணிகளைப் பெருக்கும்போது நிரையை ஏன் நிரலோடு பெருக்கிக் கூட்டுகிறோம்? ஐகன் வெக்டர் கணக்கில் விடை வருகிறது, ஆனால் எதைக் கண்டுபிடித்தேன் என்று தெரியவில்லை. விளக்க முடியுமா?

பதில்: ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். ஒரு கல்லூரியில் 300 மாணவர்கள் தினமும் கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். இதுவரை ஒரு பழைய கேன்டீன்தான் இருந்தது, இப்போது புதிதாக இன்னொன்று திறக்கிறார்கள். பழையதில் சாப்பிட்டவர்களில் 10 சதவீதம் பேர் மறுநாள் புதியதுக்குப் போகிறார்கள், 90 சதவீதம் பேர் அங்கேயே இருக்கிறார்கள். புதியதில் சாப்பிட்டவர்களில் 20 சதவீதம் பேர் மறுநாள் பழையதுக்குத் திரும்புகிறார்கள், மீதி 80 சதவீதம் பேர் இருந்துவிடுகிறார்கள். இதை அப்படியே எழுதினால் ஓர் அணி கிடைக்கிறது:

```
M = | 0.9  0.2 |
    | 0.1  0.8 |
```

இதை நிரல் நிரலாகப் படியுங்கள். முதல் நிரல், இன்று பழையதில் இருப்பவர்கள் நாளை எங்கே போவார்கள் என்று சொல்கிறது. இரண்டாம் நிரல் புதியதில் இருப்பவர்களுக்கு. முதல் நாள் 300 பேரும் பழையதில் இருந்தால், முதல் நிரலை 300 மடங்கு எடுக்கிறோம்: மறுநாள் 270 பேர் பழையதில், 30 பேர் புதியதில். இரண்டு இடத்திலும் ஆட்கள் இருந்தால், இரண்டு நிரல்களையும் அந்தந்த எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுகிறோம். ஓர் அணியை ஒரு வெக்டரால் பெருக்குவது என்றால் இவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்ட நிரை, நிரல் விஷயம். இன்று பழையதில் இருக்கும் ஒருவர் இரண்டு நாள் கழித்தும் பழையதில் இருக்க எத்தனை வழி? இரண்டு வழி. இரண்டு நாளும் நகராமல் இருக்கலாம்: 0.9 × 0.9 = 0.81. அல்லது நாளை புதியதுக்குப் போய், மறுநாள் திரும்பி வரலாம்: 0.1 × 0.2 = 0.02. இரண்டையும் கூட்டினால் 0.83. இப்போது M-இன் முதல் நிரையையும் முதல் நிரலையும் பார்த்தால், நீங்கள் பாடத்தில் செய்த அதே பெருக்கல், அதே கூட்டல். நடுவில் எந்த இடம் வழியாகப் போனாலும் சரி, எல்லா வழிகளையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கூட்டல்தான் நிரை-நிரல் விதி. மற்ற மூன்று இடங்களையும் இப்படியே நிரப்பினால்:

```
M² = | 0.83  0.34 |
     | 0.17  0.66 |
```

ஆக, அணியை அணியால் பெருக்குவது ஒரு மாற்றத்துக்குப் பின் இன்னொரு மாற்றத்தைச் செய்வது. வலப்பக்கம் இருக்கும் அணி முதலில் நடக்கிறது. வரிசையை மாற்றினால் விடை ஏன் மாறுகிறது என்பதும் இதிலிருந்தே புரியும். ஒரு நாள் புதிய கேன்டீனுக்கு விடுமுறை, எல்லோரும் பழையதுக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். வழக்கமான நாளுக்குப் பின் விடுமுறை வந்தால், முடிவில் 300 பேரும் பழையதில். விடுமுறைக்குப் பின் வழக்கமான நாள் வந்தால் 270, 30. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

அடுத்து ஐகன் வெக்டர். முதல் நாளிலிருந்து எண்களை ஓடவிட்டால் பழையதில் 300, 270, 249 என்று குறைந்துகொண்டே வருகிறது. எங்கே நிற்கும்? பழையதில் 200, புதியதில் 100 இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 200-இல் 10 சதவீதம், 20 பேர் போகிறார்கள். 100-இல் 20 சதவீதம், அதே 20 பேர் வருகிறார்கள். ஆட்கள் இடம் மாறுகிறார்கள், எண்ணிக்கை மாறவில்லை. (200, 100) என்ற வெக்டரை M அப்படியே திருப்பித் தருகிறது. இது ஓர் ஐகன் வெக்டர். எத்தனை மடங்காகத் திரும்பி வருகிறதோ அதுதான் ஐகன் மதிப்பு, இங்கே அது 1.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதல் நாளின் (300, 0) என்பது (200, 100)-உடன் (100, −100)-ஐக் கூட்டியது. அந்த இரண்டாவது பகுதி ஆட்களின் எண்ணிக்கை அல்ல, நிலையான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்ற வித்தியாசம். அதனால் மைனஸ் வருவதில் தவறில்லை. அதை M-ஆல் பெருக்குங்கள்: மேலே 90 − 20 = 70, கீழே 10 − 80 = −70. திசை மாறவில்லை, நீளம் மட்டும் 0.7 மடங்காகக் குறைந்திருக்கிறது. இதுவும் ஐகன் வெக்டர், மதிப்பு 0.7.

இதன் பலன் பெரியது. பத்து முறை மாற்றம் நடந்த பின் என்ன நிலை என்று அறிய அணியைப் பத்து முறை பெருக்க வேண்டாம். (200, 100) அசையாது. விலகல் 0.7-இன் பத்தாம் அடுக்கால், அதாவது சுமார் 0.028-ஆல் பெருகும், 100 பேர் என்பது 3 பேருக்கும் கீழே வந்துவிடும். எனவே பழையதில் ஏறக்குறைய 203, புதியதில் 97. முதலில் 60, 240 என்று தொடங்கியிருந்தாலும் முடிவு 200, 100-ஐ நோக்கித்தான். பொதுவாக ஓர் அணி வெக்டர்களைத் திருப்பவும் செய்யும், நீட்டவும் செய்யும். திருப்பாமல் நீட்டவோ சுருக்கவோ மட்டும் செய்கிற திசைகளைக் கண்டுபிடித்துவிட்டால், அணியின் வேலை வெறும் எண் பெருக்கலாகிவிடுகிறது. நீங்கள் கணக்கில் கண்டுபிடித்தது அந்தத் திசைகளைத்தான்.

அணிக்கோவையைப் பூச்சியமாக்குவது எதற்கு என்ற கேள்வி மிச்சம். v ஐகன் வெக்டர், λ அதன் ஐகன் மதிப்பு, I அலகு அணி. Mv = λv என்றால் (M − λI)v = 0. v பூச்சியம் அல்ல, ஆனாலும் அது பூச்சியமாக நசுங்குகிறது. அப்படி நசுக்கும் அணி மொத்தத் தளத்தையும் ஒரு கோடாகவாவது தட்டையாக்கிவிடும், பரப்பு போய்விடும். பரப்பின் மடங்கைச் சொல்வது அணிக்கோவை, ஆகவே அது பூச்சியம். நம் அணிக்கு λ² − 1.7λ + 0.7 = 0, விடை 1, 0.7. ஐகன் மதிப்புகளின் கூட்டல் மூலைவிட்ட எண்களின் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும் (0.9 + 0.8 = 1.7). தேர்வில் விடையைச் சரிபார்க்க இது கைகொடுக்கும்.

எல்லா அணிக்கும் இது இவ்வளவு அழகாக அமையாது. தளத்தை 90 பாகை சுழற்றும் அணி எந்தத் திசையையும் விட்டுவைக்காது, அதற்கு மெய்யெண் ஐகன் மதிப்பே கிடையாது. சில அணிகளுக்கு ஒரே ஒரு திசைதான் கிடைக்கும், அப்போது மேலே செய்ததுபோல் எந்த வெக்டரையும் இரண்டாகப் பிரிக்க முடியாது.

கணினியில் சோதித்துப் பாருங்கள்:

```python
import numpy as np
M = np.array([[0.9, 0.2], [0.1, 0.8]])
print(M @ M)
w, v = np.linalg.eig(M)
print(w)
print(v)
```

`@` என்ற இடத்தில் `*` போட்டுவிடாதீர்கள். அது எண்ணுக்கு எண் பெருக்கும், முதல் நிரலின் கூட்டல் 1 வராமல் 0.82 வரும். இடம் மாறியவர்களில் பெரும்பாலோர் கணக்கிலிருந்து காணாமல் போயிருப்பார்கள். ஐகன் வெக்டர்கள் `v`-இன் நிரல்களில் இருக்கும், நிரைகளில் அல்ல. ஒவ்வொன்றின் நீளமும் 1 ஆக்கப்பட்டிருப்பதால் 200, 100 என்பதற்குப் பதிலாக 0.894, 0.447 என்று தெரியும், இரண்டுமே மைனஸாகவும் வரலாம். 2-க்கு 1 என்ற விகிதம் இருந்தால் சரி. சில நூல்கள் இதே அணியை நிரை நிரலாகப் புரட்டி எழுதும். அதை அப்படியே கொடுத்தால் ஐகன் மதிப்புகள் மாறாது, ஆனால் 1-க்கு உரிய வெக்டரில் இரண்டு எண்களும் சமமாக வந்து நிற்கும். அப்போது `M.T` போட்டு மறுபடி ஓட்டுங்கள்.