ரீஜன் மாற்றம், இன்ஸ்டன்ஸ் தேர்வு, கிளவுட் நிறுவனங்களின் கார்பன் அறிக்கை: கேள்வி பதில்

இரவுப்பணி: ஃபிராங்க்ஃபர்ட்டில் 20 `m5.2xlarge` ஓடுகின்றன. சராசரி சிபியு 15 சதவீதம்தான். அப்படியே ஸ்டாக்ஹோமுக்குத் தூக்கிப் போட்டால் மின் நுகர்வு எவ்வளவு குறையும்?

பதில்: அநேகமாக ஒன்றும் குறையாது. அதே மெஷின், அதே வேலை, அதே மின்சாரம். மாறுவது அந்த மின்சாரம் எதை எரித்து வந்தது என்பது மட்டும். ஆகவே முதலில் யூனிட்டைக் குறையுங்கள், ரீஜனைப் பிறகு பார்க்கலாம்.

தோராயக் கணக்குக்கு ‘கிளவுட் கார்பன் ஃபுட்பிரின்ட்’ என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியின் எண்கள் போதும். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸுக்கு அது ஒரு விசிபியு, அதாவது விர்ச்சுவல் சிபியு, சும்மா இருந்தால் 0.74 வாட், முழுச் சுமையில் 3.5 வாட், ஒரு ஜிபி நினைவகத்துக்கு 0.392 வாட் என்று வைத்துக்கொள்கிறது. குளிரூட்டல் போன்றவற்றுக்காக 1.135 ஆல் பெருக்குகிறது.

ஒரு `m5.2xlarge` இல் 8 விசிபியு, 32 ஜிபி. ஆக உங்களிடம் 160 விசிபியு, 640 ஜிபி. 15 சதவீதச் சுமையில் விசிபியுவுக்கு 1.154 வாட் வீதம் 185 வாட் வருகிறது. நினைவகம் மட்டும் 251 வாட்! பெருக்கினால் சுமார் 494 வாட், ஆண்டுக்கு 4,330 யூனிட்.

அதே வேலையை 50 சதவீதச் சுமையில் 6 மெஷின்களில் அடக்கினால் சிபியு 102 வாட், நினைவகம் 75 வாட். மொத்தம் 201 வாட், ஆண்டுக்கு 1,760 யூனிட். ரீஜனைத் தொடாமலே ஐந்தில் மூன்று பங்கு போய்விட்டது. உங்கள் புரோகிராமுக்கு 32 ஜிபி தேவையில்லை என்றால் `c5.2xlarge` (16 ஜிபி) எடுங்கள். 1,390 யூனிட் அளவுக்கு இறங்கும். சும்மா கிடக்கும் நினைவகம்தான் பலர் கண்ணில் படாத செலவு. சிபியு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியாது. ஏடபிள்யூஎஸ்ஸின் வழக்கமான கண்காணிப்பில் நினைவகப் பயன்பாடு வராது, கிளவுட்வாட்ச் ஏஜென்ட்டைத் தனியாக நிறுவ வேண்டும்.

இப்போது ரீஜன். ஜெர்மன் கிரிட்டை யூனிட்டுக்கு 350 கிராம், சுவீடனை 30 கிராம் என்று வட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இருந்த 1,516 கிலோ, ஆறு மெஷின்களில் 616 கிலோ ஆகும். ஸ்டாக்ஹோமுக்கும் போனால் 53 கிலோ.

நூல்கண்டு: அந்த 50 சதவீதத்தை நம்பாதீர்கள். `m5` இல் ஒரு விசிபியு என்பது ஹைப்பர்த்ரெட், அதாவது அரைக் கோர். 50 சதவீதம் என்று காட்டும்போதே உண்மையான திறனில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

பதில்: சரியான பிடி. நான் அதை நேர்கோடாக எடுத்துக்கொண்டேன். எல்லாக் கோரிலும் ஒரு த்ரெட் ஓடத் தொடங்கியதும் அடுத்த த்ரெட் சேர்க்கும் திறன் குறைவு, ஆனால் வரைபடம் பாதி காலி என்றே சொல்லும். ஆகவே 20 இலிருந்து 6 க்கு ஒரே தாவலாகப் போகவேண்டாம். 14, 10, 8 என்று இறக்கி, ஒவ்வொரு படியிலும் உச்ச நேரத்தின் 99 ஆம் சதமானத் தாமதத்தைப் பாருங்கள். சிபியு கொஞ்சம் ஏறும்போதே தாமதம் செங்குத்தாக எழும்பினால் அங்கேயே நில்லுங்கள். 8 இல் நின்றாலும் நல்ல லாபம்தான்.

புதுவரவு: ஏஆர்எம் சிப்புக்கு மாறினால் 60 சதவீதம் மிச்சம் என்று விளம்பரமே சொல்கிறது. பிறகு ஏன் இந்தக் கணக்கெல்லாம்?

பதில்: பாதி சரி. தன் ஏஆர்எம் சிப்பான கிராவிட்டன் பற்றி ஏடபிள்யூஎஸ் சொல்வது, ஒப்பிடத்தக்க இன்ஸ்டன்ஸைவிட, அதே செயல்திறனுக்கு, 60 சதவீதம் ‘வரை’ குறைவு என்பது. அந்த ‘வரை’ என்ற சொல்லை விழுங்கிவிடக் கூடாது. கிராவிட்டனில் ஒரு விசிபியு என்பது முழுக் கோர், ஆகவே விசிபியுவுக்கு விசிபியு ஒப்பிடுவதே பிழை. ஒரு யூனிட்டுக்கு எத்தனை கோரிக்கைகள் முடிந்தன என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். மெஷின் எண்ணிக்கை குறையாவிட்டால் உங்கள் கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை.

போக விரும்பும் ரீஜனில், இங்கே ஸ்டாக்ஹோமான `eu-north-1` இல், எந்தெந்த ஏஆர்எம் வகை இருக்கிறது என்று முதலில் பாருங்கள்:

```
aws ec2 describe-instance-types --region eu-north-1 \
  --filters Name=processor-info.supported-architecture,Values=arm64 \
  --query 'InstanceTypes[].InstanceType' --output text
```

கன்டெய்னர் தொடங்கியதுமே `exec format error` என்று விழுந்தால் இமேஜ் இன்னும் `amd64` க்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கணக்குப்பிள்ளை: எங்கள் நிறுவன அறிக்கைக்கு நான்தான் பொறுப்பு. கிளவுட் நிறுவனம் தரும் அறிக்கையில் மின்சார உமிழ்வு ஏறக்குறைய பூஜ்யம். மெஷின்களைக் குறைத்த பிறகும் பூஜ்யம். பொய் சொல்கிறார்களா?

பதில்: பொய் இல்லை, வேறு கேள்விக்கான விடை. உமிழ்வுக் கணக்கு விதிகளை வகுக்கும் ஜிஎச்ஜி புரோட்டோகால் 2015 இல் வெளியிட்ட ஸ்கோப் 2 வழிகாட்டி, வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வைக் கணக்கிட இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, மெஷின் இருக்கும் இடத்தின் கிரிட் சராசரியை வைத்துப் போடும் இடக் கணக்கு. மற்றொன்று, நிறுவனம் வாங்கிய பசுமை ஒப்பந்தங்களையும் சான்றிதழ்களையும் கழித்துப் பார்க்கும் சந்தைக் கணக்கு. கூகுள் 2017 முதலும், அமேசான் 2023 இலும் ஆண்டு நுகர்வு முழுவதற்கும் ஈடாகப் பசுமை மின்சாரம் வாங்கியதாகச் சொல்கின்றன. இது ஆண்டுக் கணக்கு. வெயிலில் வாங்கிய யூனிட், காற்றில்லாத நள்ளிரவின் யூனிட்டுக்கு ஈடுகட்டப்படுகிறது.

அதனால் சந்தைக் கணக்கில் உங்கள் உழைப்பு தெரியவே தெரியாது. 20 மெஷினும் பூஜ்யம், 6 மெஷினும் பூஜ்யம். இடக் கணக்கு எண்ணைக் கேளுங்கள். கூகுள் அதைத் தருகிறது, ஏடபிள்யூஎஸ்ஸும் 2025 இல் சேர்த்துவிட்டது. கையில் கிடைத்ததும் ஒரு சோதனை: அந்த உமிழ்வைக் கிரிட்டின் கிராமால் வகுத்தால் மறைமுகமாக யூனிட் வரும். அதை மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை மடங்கு வித்தியாசம் இருந்தாலும் பயப்படாதீர்கள், 0.74, 3.5 என்பவையே சராசரிகள்தான். ஆனால் அந்த விகிதம் மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நீங்கள் மெஷினைப் பாதியாக்கிய மாதத்தில் அறிக்கை அசையவில்லை என்றால், பகிர்வு வேறு ஏதோ அடிப்படையில் நடக்கிறது, அல்லது எண் வட்டமாக்கப்படுகிறது. மாதம் 126 கிலோ, 51 கிலோ ஆகிறது என்று வையுங்கள். டன்னில் ஒரே தசம இடம் காட்டும் அறிக்கையில் இரண்டுமே 0.1 தான்!

இரவுப்பணி: நேரடியாக அளக்கவே முடியாதா?

பதில்: சாதாரண விர்ச்சுவல் மெஷினுக்குள் சிபியுவின் மின் அளவி தெரியாது. `m5.metal` போன்ற ஒன்றை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, உங்கள் வேலையை ஓடவிட்டு, இதைக் கொடுங்கள்:

```
perf stat -a -e power/energy-pkg/ sleep 60
```

வரும் ஜூல் எண்ணை 60 ஆல் வகுத்தால் வாட். விசிறி, பவர் சப்ளை, நெட்வொர்க் கார்டு இதில் சேராது. கிராவிட்டனில் இந்த வழி இல்லை.

விடிகாலை: எங்களுக்குத் தினமும் மூன்று மணி நேர ஜிபியு வேலை. கரண்ட் தேவை குறைவான நேரம் என்று இரவில் ஓட்டுகிறோம். அது பசுமைதானே?

பதில்: கேள்வி கொஞ்சம் வேறு, ஆனாலும் சொல்கிறேன். தேவை குறைவு என்றால் கரி குறைவு என்று ஆகாது. சூரிய மின்சாரம் நிறைய உள்ள கிரிட்டில் பெரும்பாலும் நண்பகல்தான் சுத்தம். எலக்ட்ரிசிட்டி மேப்ஸ் என்ற தளத்தில் உங்கள் கிரிட்டின் மணிக்கணக்கு வரைபடத்தைப் பார்த்துவிட்டு நேரத்தை மாற்றுங்கள்.

நூல்கண்டு: ஸ்டாக்ஹோம் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. சுவீடன் மின்சாரத்தை ஏற்றுமதி செய்யும் நாடு. நாம் அங்கே 200 வாட் கூடுதலாக இழுத்தால், அந்த 200 வாட் அண்டை நாட்டுக்குப் போகாது. அங்கே ஏதோ ஓர் எரிவாயு நிலையம் அதை ஈடுகட்டும். சராசரி 30 கிராம் என்பது நம்மை நாமே ஏமாற்றுவது.

பதில்: அந்த வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. கூடுதல் யூனிட்டுக்கான உமிழ்வு சராசரியைவிடப் பல மடங்கு இருக்கலாம், வாட்டைம் என்ற அமைப்பு அப்படித்தான் கணக்கிடுகிறது. மறுபக்கம், பலர் ஆண்டுக்கணக்கில் அங்கே போனால் அங்கே புதிய காற்றாலைகள் எழும் என்பார்கள். அதுவும் எழுந்தால்தான் உண்மை. என் கணக்கில் 616 இலிருந்து 53 ஆனதை ஆண்டறிக்கையில் இடக் கணக்காக எழுதலாம், வழிகாட்டி அனுமதிக்கிறது. உலகில் அவ்வளவும் குறைந்தது என்று நான் எழுத மாட்டேன். 4,330 யூனிட் 1,760 ஆனதிலும் ஓர் ஓட்டை உண்டு: நாம் விட்ட இடத்தில் நிறுவனம் வேறொருவரை ஏற்றும்வரை, அல்லது அந்த சர்வரை அணைக்கும்வரை, அது பாதிச் சுமையில்கூட இல்லாமல் மின்சாரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பக்கத்தை எந்த அறிக்கையும் நமக்குக் காட்டுவதில்லை.