படத்தில் இருக்கும் சைஸ் சார்ட்டை வைத்து ஜெர்கின் எடுப்பது

கேள்வி: சேலத்திலிருந்து பைக்கில் ஏற்காட்டுக்கு வேலைக்குப் போகிறேன். ஆன்லைனில் ஜெர்கின் வாங்கணும். சைஸ் சார்ட் போட்டோவாக மட்டும் இருக்கிறது. மார்பு M 40, XL 44, நடுவில் L மங்கல். பக்கத்தில் தோள், கை, நீளம். என் மார்பளவு 38. எது சரியாக இருக்கும்?

பதில்:

XL எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த 40, 44 எல்லாம் உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளின் படம் போட்டு மார்பு, இடுப்பு, உயரம் என்று இருந்தாலோ, To Fit என்று எழுதியிருந்தாலோ அது உடம்பின் அளவு. அப்படியானால் 38 உள்ள உங்களுக்கு M-மே பெரிது. ஆனால் உங்கள் படத்தில் தோள், கை, நீளம் இருக்கின்றன. இது பெரும்பாலும் துணியை அளந்து எழுதியதுதான். மார்புக்கு நேரே 20, 22 என்று போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், துணியை விரித்து ஒரு பக்கம் மட்டும் அளந்திருக்கிறார்கள், இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

துணியின் அளவு என்றால் உடம்பைவிட எவ்வளவு லூஸ் வேண்டும் என்பதுதான் கணக்கு. சட்டைக்கு மேல் போடும் ஜெர்கினுக்கு நாலு இன்ச் போதும், 42 சரி. மார்கழிக் காலையில் மலையேறும்போது உள்ளே ஸ்வெட்டரும் போடுவீர்கள் இல்லையா, அதற்கு ஆறு இன்ச் விடுங்கள். 38-உடன் 6 சேர்த்தால் 44, அதாவது XL.

மங்கலான எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மார்பளவு பெரும்பாலும் ஒரே இடைவெளியில்தான் ஏறும். 40-க்கும் 44-க்கும் நடுவில் 42. போட்டோ சாய்வாக இருந்தால்தான் ஆபத்து, கண் அடுத்த வரிசைக்கு நழுவிவிடும். திரையின் மேல் ஒரு காகிதத்தின் விளிம்பை வைத்து வரிசையைப் படியுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், ஸ்வெட்டர் இல்லாமல் சட்டைக்கு மேல் உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய ஜெர்கின் ஒன்றை ஜிப் போட்டுத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரட்டியுங்கள். அது 42, 43 வந்தால் என் கணக்கு உங்கள் உடம்புக்கும் பொருந்துகிறது என்று அர்த்தம். அதன் தோளையும், தையலிலிருந்து தையல் வரை, பின்பக்கம் அளந்து சார்ட்டோடு ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் லூஸாக இருந்தால் டெய்லரிடம் பிடித்துக்கொள்ளலாம். தோள் தப்பினால் பெரிய வேலை, ஜெர்கினில் அதைச் செய்துதர யாரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் கை நீளம். கையைத் தொங்கவிட்டு அளக்காதீர்கள். பைக் ஓட்டுகிறவருக்கு ஹேண்டிலைப் பிடித்த நிலையில், முழங்கை மடங்கியிருக்க, தோள் நுனியிலிருந்து முழங்கை வழியாக மணிக்கட்டு வரை டேப்பை வைக்க வேண்டும். சார்ட்டில் கை அதைவிடக் குறைவாக இருந்தால், மார்பு சரியாக இருந்தாலும் அந்த ஜெர்கினை விட்டுவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குளிர்காற்று மணிக்கட்டு வழியாகத்தான் உள்ளே போகும்.